நேர்காணலுக்கு அழைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மனிதவளத் துறையில் இருந்துகொண்டு நேர்காணல்களை ஒருங்கிணைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். விண்ணப்பங்களைச் சலித்து, சிலரைத் தேர்ந்தெடுத்து, குழுவில் அமர வேண்டியவர்களின் நேரத்தைப் பலமுறை கேட்டு வாங்கி, எல்லாம் கூடி வந்த பிறகு விண்ணப்பதாரருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள். நேர்காணலை உறுதிசெய்யும் அந்த மின்னஞ்சலைப் பற்றித்தான் இந்த மடல். நேர்காணல் குழுக்களில் தொடர்ந்து அமர்ந்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எதிரே வந்து அமர்பவர் கையில் எப்படிப்பட்ட மடல் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது முதல் பத்து நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது.

பெரும்பாலும் அது இப்படி இருக்கிறது: "தங்கள் நேர்காணல் வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு இணைய வழியில் நடைபெறும். இணைப்பு கீழே உள்ளது. உரிய ஆவணங்களுடன் தயாராக இருக்கவும்." எந்த ஊர் 10 மணி, எத்தனை நிமிடம், எதிரே யார், பேச்சு மட்டுமா அல்லது செய்து காட்டவும் வேண்டுமா, இணைப்பு வேலை செய்யாவிட்டால் யாரைக் கூப்பிடுவது, உரிய ஆவணம் என்றால் எது? இவற்றில் ஒன்றுக்கும் அதில் விடை இல்லை. நீங்கள் எழுதாமல் விட்ட ஒவ்வொன்றையும் விண்ணப்பதாரர் நேர்காணல் நேரத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் பத்து நிமிடம் போய்விடும். அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்கும் குழுவினர், "ஆயத்தமில்லாமல் வந்திருக்கிறார்" என்று குறித்துக்கொள்கிறார்கள். மடலின் குறை இப்படித்தான் மனிதரின் மதிப்பெண்ணில் போய் விழுகிறது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

முதலில் நேரம். குழு லண்டனில் இருக்கிறது, விண்ணப்பதாரர் சிங்கப்பூரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேர்காணல் 26 அக்டோபர் 2026, திங்கட்கிழமை, லண்டன் நேரம் காலை 10 மணி. மடலை அனுப்புபவர் அதற்கு முந்தைய வாரம் எழுதுகிறார். அன்றைய நிலவரப்படி லண்டனைவிட சிங்கப்பூர் ஏழு மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆகவே "சிங்கப்பூர் நேரம் மாலை 5 மணி" என்று கணக்குப் போட்டு எழுதிவிடுகிறார். ஆனால் பிரிட்டனில் அக்டோபரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். 2026-இல் அது 25-ஆம் தேதி. மறுநாள் திங்கட்கிழமை இடைவெளி எட்டு மணி நேரம் ஆகிவிடும். லண்டனில் 10 மணி அடிக்கும்போது சிங்கப்பூரில் மாலை 6. விண்ணப்பதாரர் 5 மணிக்கு வந்து, யாருமில்லாத அறையின் முன்னால் கால் மணி நேரம் காத்திருந்து, தன்னை மறந்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு வெளியேறியிருப்பார். குழுவோ 6 மணிக்கு வந்து, ஆள் வரவில்லை என்று எழுதி வைக்கும். இரண்டு பக்கமும் சொன்ன நேரத்துக்கு வந்தவர்கள்தான்.

இதற்கு மருந்து எளிது. நாட்காட்டி அழைப்பை அனுப்புங்கள். நேரத்தை லண்டன் நேரமாகக் குறித்தால் பெறுபவரின் நாட்காட்டி அந்தத் தேதிக்குரிய உள்ளூர் நேரத்தைத் தானே கணக்கிட்டுக் காட்டும். பிறகு மடலின் உடலில் இரண்டு ஊர் நேரத்தையும் கிழமை, தேதி, மாதப் பெயருடன் எழுதுங்கள். நீங்கள் எழுதியதும் அழைப்பு காட்டுவதும் ஒத்துப்போகின்றனவா என்று அனுப்பும் முன் பாருங்கள். மாதத்தை எண்ணால் குறிக்காதீர்கள். 5/6 என்று எழுதினால் ஒருவருக்கு ஜூன் 5, இன்னொருவருக்கு மே 6. "அடுத்த திங்கள்" என்ற சொல்லும் வேண்டாம். அது இந்த வாரமா அடுத்த வாரமா என்பதை வீட்டுக்குள்ளேயே இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொள்வார்கள்.

நாட்காட்டி அழைப்பைப் பற்றி இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குழுவினருக்காக உருவாக்கிய அதே அழைப்பில் விண்ணப்பதாரரையும் கடைசியாகச் சேர்த்துவிடுவது பலருக்கும் பழக்கம். அந்த அழைப்பின் விளக்கப் பகுதியில் "சம்பளம் அதிகம் கேட்கிறார், இடைவெளி எதற்கு என்று விசாரிக்கவும்" என்று யாரோ குறிப்பு எழுதியிருப்பார்கள். மதிப்பெண் படிவம் இணைக்கப்பட்டிருக்கும். சில வேளை மற்றொரு விண்ணப்பதாரரின் தன்விவரக் குறிப்பே அதில் கிடக்கும். அத்தனையும் இவர் கண்ணில் படும். ஆகவே குழுவுக்கு ஓர் அழைப்பு, விண்ணப்பதாரருக்குத் தனியே ஓர் அழைப்பு, இரண்டிலும் ஒரே இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை இரண்டு நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

அடுத்தது இணைப்பு. ஒருங்கிணைப்பாளர் தன் சொந்த நிரந்தர இணையக் கூட்ட அறையின் இணைப்பையே அன்று வரும் அத்தனை பேருக்கும் அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். முதல் நேர்காணல் சற்று நீண்டுவிட்டது. ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்த இரண்டாமவர் நேராக உள்ளே நுழைந்துவிட்டார். முதலாமவர் தன் பழைய வேலையை ஏன் விட்டார் என்று விளக்கிக்கொண்டிருந்த நேரம் அது. இருவர் முகமும் ஒரே திரையில் தெரிந்தன. யார் போட்டியிடுகிறார்கள் என்பது இருவருக்கும் தெரிந்துபோனது. அதன் பிறகு முதலாமவரால் தொடர்ந்து பேச முடியவில்லை. காத்திருப்பு அறையை இயக்கி வைத்திருந்தாலே இது நடந்திருக்காது. ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் புதிய இணைப்பு உருவாக்கியிருந்தால் இன்னும் நல்லது.

காத்திருப்பு அறையை இயக்கினால் அதையும் மடலில் சொல்லிவிடுங்கள். "நீங்கள் இணைந்ததும் காத்திருக்கச் சொல்லும் திரை தோன்றும். குழு ஆயத்தமானதும் நாங்களே உள்ளே அழைத்துக்கொள்கிறோம். ஐந்து நிமிடம் முன்னதாக வந்தால் போதும்" என்று ஒரு வரி இருந்தால், அந்த வெற்றுத் திரையைப் பார்த்து அவர் பதற மாட்டார், வெளியேறி மீண்டும் மீண்டும் நுழைய மாட்டார். உள்ளே அனுமதிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை உங்கள் பக்கத்திலும் உறுதி செய்யுங்கள். அறையை உருவாக்கியவர் அன்று விடுப்பில் இருந்து, குழுவில் வேறு யாருக்கும் அந்த உரிமை கொடுக்கப்படாவிட்டால், எல்லோரும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

எந்தச் செயலி, அதை நிறுவ வேண்டுமா அல்லது பிரவுசரிலேயே திறக்குமா, கணக்கு வேண்டுமா, கடவுச்சொல் உண்டா என்பதையும் எழுதுங்கள். இணைப்பை முழு முகவரியாகவே எழுதுங்கள். "இங்கே அழுத்தவும்" என்ற சொல்லுக்குள் மறைத்தால், வேறு கருவியில் தட்டச்சு செய்து திறக்க நினைப்பவரால் முடியாது. வேலை தேடுபவர்களைக் குறிவைத்துப் போலி நேர்காணல் அழைப்புகள் வரும் காலம் இது. முகவரி வெளிப்படையாகத் தெரிந்தால் அவருக்கு நம்பிக்கை வரும். நிறுவனத்தின் அலுவல் முகவரியிலிருந்தே மடலை அனுப்புங்கள். இந்த நேர்காணலுக்காக எந்தக் கட்டணமும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

இலவசக் கணக்கில் நேர்காணல் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கு ஒரு சொல். ஜூம் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். 45 நிமிட நேர்காணலை ஜூம் இலவசக் கணக்கில் வைத்தால், கடைசியில் "உங்களுக்கு ஏதேனும் கேட்க வேண்டுமா?" என்று நாங்கள் கேட்டு அவர் வாய் திறக்கும் நேரத்தில் திரை அணைந்துபோகும். அந்தக் கடைசிப் பகுதி அவருக்கு உரியது. அதைப் பறிக்கும் ஏற்பாட்டைச் செய்யாதீர்கள்.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதும் மடலில் இருக்க வேண்டும். அன்று உண்மையில் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுங்கள், பொது வரவேற்பு எண் பயன்படாது. கூடவே விதியையும் எழுதுங்கள்: "இணையம் துண்டிக்கப்பட்டால் அதே இணைப்பு முகவரியில் மீண்டும் நுழையுங்கள். பத்து நிமிடத்துக்குள் முடியாவிட்டால் இந்த எண்ணில் அழையுங்கள். தொலைபேசியிலேயே தொடர்வோம் அல்லது வேறு நேரம் குறிப்போம். தொழில்நுட்பக் கோளாறு உங்கள் மதிப்பீட்டில் சேராது." கடைசி வாக்கியத்தை எழுதினால் மட்டும் போதாது. குழுவும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நேர்காணல் தொடங்கும் முன் அதைக் குழுவிடம் நீங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

குழுவைப் பற்றி எழுதும்போது பெயர்களைக் கொடுங்கள். சில நிறுவனங்கள் இதை இரகசியமாக வைத்துக்கொள்கின்றன. விண்ணப்பதாரர் குழுவினரைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு வந்துவிடுவாராம். வரட்டுமே! ஒருவருடைய பணியைப் படித்துவிட்டு வருபவரிடம் நல்ல கேள்விகள் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் பதவியை மட்டும் போடாமல், அவர் நேர்காணலில் எதைப் பார்ப்பார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். "அணித் தலைவர், நீங்கள் சேர்ந்தால் இவரிடம்தான் பணிபுரிவீர்கள். உங்கள் முந்தைய பணிகளைப் பற்றிப் பேசுவார்." "வேறு துறையின் மூத்த பகுப்பாய்வாளர், செய்முறைப் பகுதியை நடத்துவார்." "மனிதவள அலுவலர், நேர்காணலை ஒருங்கிணைப்பார், மதிப்பெண் இடமாட்டார்." இப்படி எழுதியிருந்தால், திரையில் மூன்று கட்டங்கள் தெரியும்போது யார் யாரென்று அவர் குழம்ப மாட்டார். யாரேனும் பார்வையாளராக மட்டும், கேமராவை அணைத்துக்கொண்டு அமரப் போகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். பெயர் மட்டும் எழுதிய கறுப்புக் கட்டம் ஒன்று பேசாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வது யாருக்கும் எளிதன்று.

பெயர் கொடுப்பதில் இன்னொரு பயனும் உண்டு. குழுவில் ஒருவர் அவருடைய உறவினராக இருக்கலாம், பழைய மேலாளராக இருக்கலாம், முன்பு வழக்காடியவராகக்கூட இருக்கலாம். "குழுவினரில் எவரையேனும் முன்பே அறிந்திருந்தால் எங்களிடம் தெரிவியுங்கள்" என்று கேட்டு வைத்தால், நேர்காணல் முடிந்த பிறகு எழும் பிணக்கு முன்கூட்டியே தீர்ந்துவிடும். குழுவில் மாற்றம் வந்தால், அன்று காலையாக இருந்தாலும் ஒரு வரி அனுப்புங்கள்.

இனி வடிவம். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒருமுறை தரவுப் பகுப்பாய்வுப் பணிக்கான நேர்காணல். உறுதி மடலில் "தொழில்நுட்ப நேர்காணல், 45 நிமிடம்" என்று மட்டுமே இருந்தது. பதினைந்தாவது நிமிடத்தில் குழுவில் ஒருவர், "உங்கள் திரையைப் பகிருங்கள், ஒரு சிறிய கோப்பு அனுப்புகிறேன், அதில் பிழைகளைக் கண்டுபிடிப்போம்" என்றார். விண்ணப்பதாரரிடம் இருந்தது மேக் கணினி. அந்தச் செயலியில் அவர் அதுவரை திரையைப் பகிர்ந்ததில்லை. மேக்கில் ஒரு செயலி முதன்முறை திரையைப் பகிர வேண்டுமானால், கணினியின் அமைப்புகளுக்குள் தனியுரிமைப் பகுதிக்குப் போய் திரைப்பதிவு அனுமதி கொடுக்க வேண்டும். அனுமதி கொடுத்ததும் செயலியை மூடித் திறக்கச் சொல்லும். மூடினால் கூட்டத்திலிருந்து வெளியே வந்தாக வேண்டும். அவர் வெளியேறினார். திரும்பி வந்தபோது காத்திருப்பு அறையில் நின்றார். நாங்கள் பேச்சு சுவாரசியத்தில் அதைக் கவனிக்கவில்லை. ஒருவழியாக உள்ளே வந்து கோப்பைத் திறக்கும்போது 45 நிமிடத்தில் பாதி கரைந்திருந்தது. மீதி நேரத்தில் அவர் கண்டுபிடித்த பிழைகள் சரியானவைதான். ஆனால் குரல் நடுங்கியது. "அழுத்தத்தைத் தாங்கமாட்டார் போலிருக்கிறது" என்று எங்களில் ஒருவர் எழுதினார். அந்தக் குறிப்பை நீக்கச் சொல்லி நான் வாதாட வேண்டியிருந்தது.

அந்த மடலில் என்ன எழுதியிருக்க வேண்டும்? நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

"நேர்காணல் மொத்தம் 45 நிமிடம். முதல் 5 நிமிடம் அறிமுகம். அடுத்த 15 நிமிடம் நீங்கள் முன்பு செய்த பணிகளைப் பற்றிய உரையாடல். அதன் பிறகு 15 நிமிடம் செய்முறை: நாங்கள் அனுப்பும் ஒரு விரிதாளைத் திறந்து, உங்கள் திரையைப் பகிர்ந்தபடி, அதிலுள்ள பிழைகளை எங்களுக்கு விளக்குவீர்கள். நிரல் எழுத வேண்டியதில்லை. இணையத்தில் தேடிப் பார்க்கலாம், உங்கள் குறிப்புகளையும் வைத்துக்கொள்ளலாம். கடைசி 10 நிமிடம் உங்கள் கேள்விகளுக்கு. செய்முறை இருப்பதால் கைப்பேசி போதாது, கணினி தேவை. முந்தைய நாளே நீங்களே ஒரு கூட்டம் தொடங்கி, திரையைப் பகிர்ந்து பாருங்கள். சில கணினிகள் முதன்முறை அனுமதி கேட்டு, செயலியை மூடித் திறக்கச் சொல்லும்."

இதில் கேள்வித்தாள் எதுவும் வெளியாகவில்லை என்பதைக் கவனியுங்கள். "எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் சோதனை எங்கே?" என்று ஒரு மேலாளர் என்னிடம் கேட்டார். விரிதாளில் பிழை கண்டுபிடிக்கத் தெரிகிறதா என்பதைத்தான் சோதிக்கிறோம். திரைப்பகிர்வு பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா என்பது அந்தப் பணிக்கு வேண்டிய திறனே அன்று. குறிப்புகளை வைத்துக்கொள்ளலாமா, இணையத்தைப் பார்க்கலாமா என்பதையும் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் பார்க்கக் கூடாது என்று நினைத்து வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் கண்ணை ஓரமாக நகர்த்துவார், குழு அவரைச் சந்தேகிக்கும்.

நேர்காணலைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால் அதை முன்பே சொல்லி, சம்மதம் கேளுங்கள். எதற்காக, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதும் தெரியட்டும். உள்ளே நுழைந்ததும் சிவப்புப் புள்ளி மின்னுவதைப் பார்த்துவிட்டு அவர் மறுத்துப் பேச மாட்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆயத்தமாக வைத்திருக்க வேண்டியவற்றில் மிகவும் தெளிவில்லாத சொல் "உரிய ஆவணங்கள்". எந்த ஆவணம், மூலமா நகலா, இப்போது அனுப்ப வேண்டுமா, அன்று கேமராவில் காட்டினால் போதுமா? அடையாளச் சான்றைப் பொறுத்தவரை, புகைப்படமும் பெயரும் உள்ள ஒன்றைத் தொடக்கத்தில் காட்டச் சொன்னால் போதும், எண்ணை விரலால் மறைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதுங்கள். அதன் நகலை மின்னஞ்சலில் கேட்டு வாங்கினால், தேர்வாகாதவர்களின் அடையாளச் சான்றுகளும் உங்கள் அஞ்சல் பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சான்றிதழ் சரிபார்ப்பைப் பணி உறுதியான பிறகு வைத்துக்கொள்ளலாம். படைப்புத் தொகுப்போ செய்துகாட்ட ஒரு பணியோ வேண்டுமென்றால் எத்தனை, எந்த வடிவில், எத்தனை நிமிடம் என்று சொல்லுங்கள். இப்போது வேலை பார்க்கும் நிறுவனத்தின் கணினியைப் பயன்படுத்த வேண்டாம் என்ற அறிவுரையும் அவசியம். அங்கே செயலியை நிறுவவோ திரையைப் பகிரவோ தடை இருக்கலாம். தவிர, அவர் வேறு வேலை தேடுவதை அந்தக் கணினி வழியாக யாரும் அறிய வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வியை எல்லோரிடமும் ஒரேபோலக் கேளுங்கள்: "நேர்காணலில் நீங்கள் முழுமையாகப் பங்கேற்க ஏதேனும் ஏற்பாடு தேவையா? திரையில் பேச்சு எழுத்தாகத் தெரிவது, சைகைமொழி பெயர்ப்பாளர், கூடுதல் நேரம், கேள்விகளை எழுத்திலும் தருவது போன்றவற்றைச் செய்து தருகிறோம். காரணம் சொல்ல வேண்டியதில்லை." இந்த எடுத்துக்காட்டுகளை எழுதுவது முக்கியம். "சிறப்புத் தேவைகள் இருந்தால் தெரிவிக்கவும்" என்று பொதுவாகக் கேட்டால், காது சற்று மந்தமான ஒருவர் தன்னைப் பற்றிக் கேட்பதாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். எதைக் கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் கேட்பார். சைகைமொழி பெயர்ப்பாளரை ஒரே நாளில் ஏற்பாடு செய்ய முடியாது. ஆகவே மடல் நேர்காணலுக்கு ஐந்தாறு வேலை நாள் முன்னதாகவாவது போய்ச் சேர வேண்டும்.

மடலின் தலைப்பிலேயே பணியின் பெயரும் தேதியும் இருக்கட்டும். அவர் ஒரே வாரத்தில் நான்கு நிறுவனங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கலாம். நேரத்தையும் இணைப்பையும் மடலின் மேலேயே வையுங்கள். அன்று கடைசி நிமிடத்தில் கைப்பேசியில் திறந்து தேடுபவருக்கு நிறுவனத்தின் வரலாறு தேவையில்லை. "இந்த நேரம் ஒத்துவருமா என்று புதன்கிழமைக்குள் ஒரு வரி பதில் எழுதுங்கள்" என்று ஒரு நாளைக் குறித்துக் கேளுங்கள். முந்தைய நாள் ஒரு சிறு நினைவூட்டல் அனுப்பும்போது, பழைய மடலைப் பார்க்கச் சொல்லாமல், நேரமும் இணைப்பும் தொலைபேசி எண்ணும் அதிலேயே மீண்டும் இருக்கட்டும். புதன்கிழமைக்குள் பதில் வராவிட்டால், ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் மடல் வேண்டாத அஞ்சல்களுக்கான பெட்டிக்குள் போய்க் கிடக்கலாம். விண்ணப்பத்தில் அவர் கொடுத்த எண்ணுக்கு ஒரு முறை அழைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
நேர்காணல் குழுக்களில் அமர்ந்து வரும் ஒருவன்